பாரசீகக் கடிதத்தில் எது உபசாரம், எது உறுதி?

ஈரானின் கெர்மான் மாகாணத்தில் ரஃப்சஞ்சான் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிஸ்தாவுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள ஓர் ஏற்றுமதியாளரிடம் சென்னையிலோ மும்பையிலோ உள்ள ஒரு வியாபாரி முதன்முறையாக விலை விசாரித்து மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாம்பிளுக்கு எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும் என்றும், அறுவடைக் காலத்தில் நேரில் வரலாமா என்றும் அவர் கேட்டிருக்கிறார். வரும் பதில் பெரும்பாலும் இந்த நடையில் இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கமும் மரியாதையும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் கடிதம் எங்களுக்குப் பெருமை சேர்த்தது. சாம்பிள் விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தங்கள் தகுதிக்கு முன் ஒரு பொருட்டே இல்லை. சரக்குக்கான பணத்தையும் தங்களுக்கு எப்போது வசதியோ அப்போது அனுப்பினால் போதும். ஈரான் வரும்போது ஹோட்டல் வேண்டாம், எங்கள் வீடு தங்கள் வீடு. விலைப்பட்டியல் இணைத்துள்ளோம். தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறோம்."

பாரசீக வணிகக் கடிதங்களின் வழக்கத்தைக் காட்ட நான் அமைத்த மாதிரி இது. இந்த ஒரு பத்தியில் மூன்று சலுகைகள் இருக்கின்றன: இலவச சாம்பிள், தவணை இல்லாத கடன், வீட்டில் தங்க இடம். மூன்றும் ஒரே குரலில், ஒரே பணிவோடு சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. எதை நம்பி அடுத்த காரியத்தைச் செய்யலாம், எதற்கு நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும் என்று தெரியாமல் பதில் எழுதினால், வியாபாரம் தொடங்கும் முன்பே மனக்கசப்பு தொடங்கிவிடும்.

தாரோஃப் என்னும் ஒழுங்கு

இந்தப் பணிவுக்கு ஈரானியர்கள் வைத்திருக்கும் பெயர் தாரோஃப். எதிரில் இருப்பவரை உயர்த்தி, தன்னைத் தாழ்த்திப் பேசுவதும் நடந்துகொள்வதும் இதன் அடிப்படை. கதவருகே இருவர் நின்றால் "நீங்கள் முதலில்" என்று இருவரும் மாறி மாறிச் சொல்வார்கள். டெஹ்ரானில் டாக்சியை விட்டு இறங்கும்போது கட்டணம் கேட்டால் டிரைவர் "காபேல் நதாரே" என்பார். உங்கள் மதிப்புக்கு முன் இது ஒன்றுமில்லை என்று பொருள். கடைக்காரரும் அதையே சொல்வார். பணத்தை எடுத்து நீட்டியபடி இன்னொரு முறை கேட்பதுதான் முறை. பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முறையில் தொகையைச் சொல்லிவிடுவார். அவர் முதலில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியவர், பொருளைப் பணம் கொடுக்காமல் கொண்டுபோனவராகிவிடுவார்.

தமிழ் வீடுகளிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் "வாங்க, சாப்பிடலாம்" என்கிறோம். வந்தவரும் "இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்கிறார். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. ஆனால் நம்மிடம் அது பெரும்பாலும் வீட்டு வாசலோடும் பந்தியோடும் நின்றுவிடுகிறது. ஈரானில் அதே ஒழுங்கு கடை, டாக்சி, அரசு அலுவலகம், கம்பெனிக் கடிதம் என எல்லா இடங்களுக்கும் செல்கிறது. பல சுற்றுகளும் நீள்கிறது.

அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பீமன் 1986-ல் வெளியிட்ட நூலில் ஈரானியப் பேச்சில் மொழியும் தகுதியும் அதிகாரமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இருவர் பேசும்போது ஒவ்வொருவரும் கீழ்ப்படியைப் பிடிக்கப் போட்டியிடுவதை அவர் கவனித்தார். மற்றவரை மேலே ஏற்றிவைத்தால், மேலே இருப்பவருக்குரிய பெருந்தன்மையோடு நடந்துகொள்ளும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. எனவே இந்தப் பணிவுக்குள் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. சோஃபியா கூட்லாக்கி என்ற ஆய்வாளர் 2002-ல் எழுதிய கட்டுரையில் இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். ஈரானியர்கள் வலியுறுத்தி உபசரிப்பதை வெளியார் தொந்தரவாக நினைக்கலாம். அவர்களுக்கோ அது எதிரில் இருப்பவரின் மதிப்பைக் கூட்டும் செயல், கூடவே தங்கள் சொந்த கௌரவத்தைக் காட்டும் செயல் என்றார். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடிதத்தை வாசிப்பது எளிதாகும்.

கடிதத்தின் மேலோடு

பாரசீக வணிகக் கடிதத்துக்கு ஒரு நிலையான சட்டகம் உண்டு. அரசு அலுவலகக் கடிதம் என்றால் தலைப்பில் இறைவன் பெயரைச் சொல்லும் "பெஸ்மெஹி தாஆலா" இருக்கும். அடுத்து, பெறுபவரின் பெயருக்கு முன்னால் பட்டங்கள் வரும். டாக்டர் என்பதைப் போலவே இன்ஜினியர் என்பதைக் குறிக்கும் "மொஹந்தெஸ்" என்பதும் பெயரோடு சேர்த்து எழுதும் பட்டம். பிறகு "பா சலாம் வ எஹ்தெராம்", அதாவது வணக்கத்துடனும் மரியாதையுடனும். அதன் பின்னர்தான் விஷயம் தொடங்கும். முடிவில், நீங்கள் இன்னும் செய்யாத உதவிக்கும் ஒத்துழைப்புக்கும் முன்கூட்டியே நன்றி வரும்.

வினைச்சொற்களிலும் ஏற்ற இறக்கம் உண்டு. நீங்கள் சொல்வதற்கு ஒரு வினை, நான் சொல்வதற்கு வேறொரு வினை. மேலதிகாரிக்கு ஒரு செய்தியைத் தெரிவிக்க "பே எஸ்தெஹ்ஸார் மீரெசானத்" என்று எழுதுவார்கள். சமமானவருக்கும் கீழுள்ளவருக்கும் "பே எத்தெலா மீரெசானத்" போதும். தன்னைக் குறிக்க அடிமை என்று பொருள்படும் "பந்தே" என்ற சொல்லைக்கூட சாதாரணமாகப் பயன்படுத்துவார்கள். இவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது மொழி மாறினாலும் இந்தச் சட்டகம் மாறுவதில்லை. நம்முடைய மாதிரிக் கடிதத்தில் "தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறோம்" என்று முடிவதும் அதனால்தான்.

இந்த மேலோட்டில் தகவல் எதுவும் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு பயன் உண்டு. அடுத்தடுத்த கடிதங்களில் இது எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்கலாம். பழக்கம் கூடும்போது பட்டங்கள் குறையும், வாக்கியங்கள் சுருங்கும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய விசாரிப்பு வரும். மாறாக, நெருக்கமாகிவிட்ட ஒருவர் திடீரென்று முழு மரியாதை நடைக்குத் திரும்பினால் ஏதோ ஒன்று அவரை வருத்தியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் சலுகை மெய்யா என்பதை இந்த மேலோடு சொல்லாது. உபசாரச் சலுகைக்கும் உண்மைச் சலுகைக்கும் இதே இனிய நடைதான்.

வார்த்தை வளர்கிறதா, விவரம் வளர்கிறதா?

அழைப்புகளில் ஒப்புக்கு அழைப்பது எது, மெய்யாக அழைப்பது எது என்பதை எலன் ஐசக்ஸ், ஹெர்பெர்ட் கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் ஆங்கிலப் பேச்சை வைத்து ஆராய்ந்தார்கள். ஒப்புக்கு அழைப்பவர் நாளும் நேரமும் சொல்லாமல் விடுவார், மறுத்தால் மேலும் வற்புறுத்த மாட்டார் என்பவை அவர்கள் கண்ட அடையாளங்களில் சில. 2005-ல் ஸொஹ்ரே எஸ்லாமி பாரசீக அழைப்புகளை ஆங்கில அழைப்புகளோடு ஒப்பிட்டு, இதே கேள்வியைத் தாரோஃப் பின்னணியில் எழுப்பினார்.

பாரசீகத்துக்கு வரும்போது ஓர் அடையாளத்தைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. வற்புறுத்தல் என்பது அங்கே நாகரிகத்தின் ஒரு பகுதி. ஒப்புக்குச் சொன்ன ஒன்றையும் இரண்டாம் முறை சொல்வார்கள். "மூன்று முறை சொன்னால் உண்மை" என்று பயணக் குறிப்புகளில் ஒரு சூத்திரம் சொல்லப்படுவதுண்டு. தொடக்கத்துக்கு அது உதவும், ஆனால் அது மட்டும் போதாது. மூன்று முறையும் அதே வாக்கியம் திரும்பி வந்தால் வளர்ந்திருப்பது வார்த்தைதான். உண்மையான சலுகை ஒவ்வொரு சுற்றிலும் விவரத்தால் வளரும். முதலில் "அனுப்புகிறோம்", அடுத்து "எந்த முகவரிக்கு", அதற்கடுத்து "செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டோம், கூரியர் எண் இது" என்று போகும். நாள், அளவு, தொகை, பொறுப்பாளரின் பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே வரும்.

இன்னொரு நல்ல அடையாளம், மூன்றாம் மனிதர் ஒருவர் உள்ளே வருவது. "என் மகன் விமான நிலையத்துக்கு வருவான்", "கிடங்கு மேலாளரிடம் சொல்லிவிட்டேன்" என்று எழுதும்போது அவர் ஏற்கெனவே இன்னொருவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒப்புக்குச் சொல்பவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

நேரமும் பேசும். டெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரில் ஷா அப்தொல் அஸீம் என்ற புகழ்பெற்ற தர்கா இருக்கிறது. டெஹ்ரான்காரர்கள் காலையில் போய்விட்டு மாலையில் திரும்பிவிடும் தூரம். அவர்கள் கிளம்பி வண்டியேறிய பிறகு, இரவு தங்கிப் போகலாமே என்று உள்ளூர்க்காரர்கள் கூப்பிடுவார்களாம். ஏற்க முடியாத நேரத்தில் வரும் சலுகையை "ஷா அப்தொல் அஸீமி தாரோஃப்" என்று ஈரானியர்களே சொல்கிறார்கள். விலை உறுதியாகி, பணம் அனுப்பி, கப்பலில் சரக்கு ஏறிய பிறகு "இன்னும் கொஞ்சம் குறைத்திருப்போமே" என்று ஒரு கடிதம் வந்தால் அதற்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

மூன்று சலுகைகளும் மூன்று முடிவுகளும்

இனி மாதிரிக் கடிதத்துக்கு வருவோம். அதோடு வந்த ப்ரோஃபார்மா இன்வாய்ஸில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ஃபந்தோகி ரகம், அளவு 28–30, ஐந்து டன், 30 சதவீதம் முன்பணம், மீதி கப்பல் ஆவணங்களின் நகல் கிடைத்தவுடன், இந்த விலை ஏழு நாளுக்குச் செல்லும். ஃபந்தோகி என்பது உருண்டை வடிவப் பிஸ்தா. 28–30 என்றால் ஓர் அவுன்ஸ் எடையில், அதாவது சுமார் 28 கிராமில், அத்தனை கொட்டைகள் நிற்கும். எண் குறைந்தால் கொட்டை பெரிது.

முதலில் கடன். "தங்களுக்கு எப்போது வசதியோ அப்போது அனுப்பினால் போதும்" என்று கடிதம் சொல்கிறது. இணைப்போ முன்பணம் கேட்கிறது. கடிதமும் இணைப்பும் முரண்படும்போது இணைப்புதான் வியாபாரம் பேசுகிறது. மெய்யாகக் கடன் தருபவர் நாள் சொல்வார்: சரக்கு ஏற்றிய நாளிலிருந்து அறுபது நாள், இத்தனை டன் வரை, இன்ன உத்தரவாதத்தின் பேரில் என்பார். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. எனவே இது உபசாரம். இதற்குப் பதிலாக "நீங்கள்தான் எப்போது வேண்டுமானாலும் தரலாம் என்றீர்களே" என்று எழுதுவது பெரிய பிழை. அவர் "இல்லை, முன்பணம் வேண்டும்" என்று வெளிப்படையாகக் கேட்கும் சங்கடத்துக்குத் தள்ளப்படுவார். அதைக் கேட்கவும் கூச்சப்பட்டு, சரக்கை அனுப்பாமல் காலம் தாழ்த்தினாலும் வியப்பில்லை. "கன்னத்தில் அறைந்ததுபோல நிபந்தனையை மட்டும் பேசுகிறாரே" என்று எண்ண வைக்கும் வறட்டுப் பதிலும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"தங்கள் பெருந்தன்மைக்கு மிக்க நன்றி. தங்களுக்குச் சிரமம் தர எங்களுக்கு மனமில்லை. ப்ரோஃபார்மாவில் உள்ள 30 சதவீத முன்பணம் எங்களுக்கு முழுச் சம்மதம். எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் இந்த வாரமே ஏற்பாடு செய்கிறோம்."

அவருடைய உபசாரத்துக்கு மரியாதை கிடைத்தது, பணப் பேச்சை நாமே எடுத்ததால் அவருக்குக் கூச்சமும் இல்லை. பணம் அனுப்பும் வழியைக் கேட்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஈரான் மீதான பொருளாதாரத் தடைகளால் சாதாரண வங்கிப் பரிமாற்றம் எளிதில்லை. சட்டப்படி என்ன வழி திறந்திருக்கிறது என்பதை நம் வங்கியிடம் கேட்டுவிட்டே இந்த வாக்கியத்தை எழுத வேண்டும். ஈரானுக்குள் விலையை ரியாலில் எழுதித் தோமானில் பேசுவார்கள். பத்து ரியால் ஒரு தோமான். ஊருக்குள் வாகனக்கூலி போன்ற செலவுகள் பேசும்போது எந்தக் கணக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அடுத்து சாம்பிள். கடிதத்தில் எடை, நாள், கூரியர் என்று எதுவும் இல்லை. ஆனாலும் இணைப்போடு முரண்படவில்லை, செலவும் சிறிது. இது இரண்டு பக்கமும் சாயக்கூடியது. எனவே ஒரு சுற்று மறுத்துப் பார்க்க வேண்டும்: "சாம்பிளுக்கு மிக்க நன்றி. கூரியர் கட்டணத்தையாவது நாங்கள் ஏற்க அனுமதிக்க வேண்டும். எங்கள் முகவரி கீழே உள்ளது." அடுத்த கடிதத்தில் "எங்களை வெட்கப்பட வைக்காதீர்கள், மூன்று ரகத்தில் அரைக் கிலோ வீதம் நேற்று அனுப்பிவிட்டோம்" என்ற வரியும் கூரியர் எண்ணும் வந்தால், சலுகை மெய்யாகிவிட்டது. அதற்கு மேலும் பணம் தருவேன் என்று அடம்பிடித்தால் அது அவர் கையைத் தட்டிவிடுவதாகும். ஏற்றுக்கொண்டு, சாம்பிளைப் பிரித்துப் பார்த்து, வாய் திறந்த கொட்டை எவ்வளவு, நிறம் எப்படி, ஈரப்பதம் எப்படி என்று விரிவாக எழுதி அனுப்புவதுதான் நல்ல கைம்மாறு. மாறாக, கூரியர் கட்டணத்தை ஏற்பதாக நாம் எழுதிய வரிக்கு அவர் "தங்கள் விருப்பப்படியே" என்று பதில் தந்தால், கட்டணத்தை உடனே அனுப்பிவிட வேண்டும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

மூன்றாவது, வீட்டில் தங்குவது. இது முதல் கடிதத்திலேயே வந்திருக்கிறது. இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாள் பேசவில்லை. ஆகவே இந்த நிலையில் இது உபசாரம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் இது உபசாரமாகவே நின்றுவிடும் என்றும் முடிவு கட்டக்கூடாது. ஈரானியர்களின் விருந்தோம்பல் மெய்யானது. முன்பின் தெரியாதவர்களால் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகப்பட்ட பயணிகள் ஏராளம். செய்ய வேண்டியது, நாளைச் சொல்லிப் பார்ப்பது. "செப்டம்பர் கடைசி வாரம் கெர்மானில் மூன்று நாள் இருப்போம். தங்க ஹோட்டல் பதிவு செய்துவிட்டோம். தோட்டத்தையும் கிடங்கையும் பார்க்க ஆசை." செப்டம்பர் அங்கே அறுவடைக் காலம். இதற்கு "வருக வருக, எப்போதும் நல்வரவு" என்று மட்டும் பதில் வந்தால் ஹோட்டலிலேயே தங்குங்கள். "ஹோட்டல் பதிவை ரத்து செய்யுங்கள், எந்த விமானம் என்று சொல்லுங்கள், என் மகன் வருவான், நீங்கள் மாமிசம் சாப்பிடுவீர்களா என்று வீட்டில் கேட்கிறார்கள்" என்று வந்தால் வீடே தயாராகிவிட்டது என்று பொருள். அப்போதும் இரவு ஹோட்டலில் தங்கி, ஒரு வேளைச் சாப்பாட்டை வீட்டில் ஏற்றுக்கொள்வது இருவருக்கும் இலகுவான நடுவழி. போகும்போது இனிப்பு கொண்டுபோவது வழக்கம்.

இல்லை என்பதை எழுதாத கடிதம்

சலுகையை எடை போடுவது எவ்வளவு கடினமோ, அதே அளவு கடினம் மறுப்பைக் கண்டுபிடிப்பது. நேராக "முடியாது" என்று எழுதினால் எதிரில் இருப்பவரின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அதே எண்ணம் இங்கும் வேலை செய்கிறது. நீங்கள் டிசம்பருக்குள் இன்னும் ஐந்து டன் வேண்டும் என்று கேட்கிறீர்கள். "சஷ்ம்" என்று பதில் வருகிறது. கண் என்று பொருள்படும் இந்தச் சொல், தலைமேல் ஏற்கிறேன் என்ற உறுதியாகவும் இருக்கலாம், கேட்டுக்கொண்டேன் என்ற மரியாதையாகவும் இருக்கலாம். "இன்ஷா அல்லா", "பரிசீலிக்கிறோம்", "முதல் வாய்ப்பில் செய்கிறோம்" ஆகியவையும் அப்படியே. தனியாக நிற்கும்போது இவற்றுக்கு எடை குறைவு. "சஷ்ம், பத்தாம் தேதி பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு லாரி கிளம்பும்" என்று நாளோடு சேர்ந்து வந்தால் எடை கூடிவிடும்.

இங்கே "ஆமா, இல்லையா" என்று நெருக்குவது பலன் தராது. நெருக்கினால் ஆமாம் என்றே வரும், அந்த ஆமாமும் உபசாரமாகவே இருக்கும். எண்ணால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்: "இந்த மாதத்தில் எத்தனை டன் வரை தயாராகும்?" கூடவே, கௌரவமாக விலகிக்கொள்ள ஒரு வாசலையும் திறந்து வையுங்கள்: "இந்த அறுவடையில் வசதிப்படாவிட்டால் அடுத்த அறுவடையில் பார்த்துக்கொள்ளலாம், எங்களுக்கு வருத்தமே இல்லை." அந்த வாசல் வழியாக அவர் நிம்மதியாக வெளியேறினால் உங்களுக்கு உண்மை தெரிந்துவிடும், உறவும் கெடாது. அவர் வெளியேறாமல் எண்ணைச் சொன்னால் அதை நம்பலாம். இதிலும் தெளிவு வராவிட்டால் தொலைபேசியில் பேசுவது நல்லது. மின்னஞ்சலில் ஒரு சுற்று உபசாரத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. பேச்சில் மூன்று சுற்றும் ஒரு நிமிடத்தில் முடிந்து காரியம் வெளிவந்துவிடும்.

பதிலே வராமல் இருப்பதை அவசரப்பட்டு மறுப்பாகக் கொள்ள வேண்டாம். ஈரானில் வேலை வாரம் சனிக்கிழமை தொடங்குகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. மார்ச் 20 அல்லது 21-ல் வரும் நவ்ரூஸ் புத்தாண்டையொட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் பல அலுவலகங்கள் மெதுவாகவே இயங்கும்.

நம் சொல்லும் அங்கே எடை போடப்படுகிறது

பலர் மறந்துவிடும் ஒரு பக்கம் இது. நாம் "சென்னைக்கு வந்தால் செலவு எங்களுடையது" என்று மனமார எழுதினாலும், அவர் அதைத் தாரோஃப் என்றே வாசிக்கக்கூடும். நன்றி சொல்லி மறுப்பார். நாமோ அவருக்கு விருப்பமில்லை என்று விட்டுவிடுவோம். அவரும் நாம் ஒப்புக்குத்தான் சொன்னோம் என்று முடிவு செய்வார். இரண்டு பக்கமும் மனம் இருந்தும் காரியம் நடக்காது.

நாம் மெய்யாகத் தருவதென்றால், மெய்யின் அடையாளங்களை நாமே சேர்க்க வேண்டும். தேதி, தங்குமிடத்தின் பெயர், எத்தனை பேருக்கு, ஏற்பாடு செய்பவர் யார் என்பதெல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். அவர் மறுத்தால் ஒரு முறையாவது திரும்பச் சொல்லுங்கள், அப்போது விவரத்தையும் கூட்டுங்கள். "பீ தாரோஃப்" என்ற சொற்றொடர் அவர்களிடமே உண்டு, உபசாரம் இல்லாமல் சொல்கிறேன் என்று அர்த்தம். பழகிய பிறகு இதைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சொல்லையும் உபசாரமாகச் சொல்பவர்கள் உண்டு என்பதால், விவரம் இல்லாமல் அதுவும் தனியாக நிற்காது.

அதேபோல், தர மனமில்லாததை அழகுக்காக எழுதக்கூடாது. "தாரோஃப் ஆமத் நயாமத் தாரே" என்று ஈரானில் ஒரு பழமொழி வழங்குகிறது. உபசாரத்துக்கு நீட்டியதை எதிராளி வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார், எச்சரிக்கை என்பது அதன் கருத்து. பிறந்ததிலிருந்து இதில் ஊறியவர்களே தவறுகிறார்கள் என்பதற்கு அந்தப் பழமொழியே சாட்சி. வெளியிலிருந்து வரும் நாம் தவறிவிட்டால் அவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வதை மட்டும் மறக்க மாட்டார்கள்.

இந்த அளவுகோல்களுக்கு எல்லை உண்டு. கையெழுத்தான ஒப்பந்தம், ப்ரோஃபார்மா, ஆய்வகச் சான்றிதழ் ஆகியவற்றில் தாரோஃபுக்கு இடமில்லை. அவற்றை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். டெஹ்ரானின் இளைய தலைமுறை நிறுவனங்களிலும் வெளிநாட்டில் படித்தவர்களிடமும் நேர்ப்பேச்சு அதிகம், அவர்களிடம் இந்த ஆராய்ச்சியே தேவைப்படாமல் போகலாம். எவரையும் பற்றி, "இவர் ஈரானியர், எனவே சொல்வதெல்லாம் ஒப்புக்கு" என்று முடிவு செய்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. பிறர் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் சொல்லும் ஏமாற்றுவதற்காகச் சொல்லப்படும் சொல்லும் வேறு வேறு.

சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்றால், நன்றியோடு ஒரு முறை மறுக்கும் பக்கமே சாயுங்கள். மெய்யான சலுகை ஒரு மறுப்பால் போய்விடாது, இன்னும் கொஞ்சம் விவரத்தோடு திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்ததை மறுபடி தள்ளாமல் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். உபசாரத்தைச் சலுகை என்று நினைத்து எடுத்துக்கொண்டால்தான் திருத்துவது கடினம்.